அந்தத் தாளை நீட்டு!

"நமக்குள்ள எதுக்குத் தம்பி அக்ரிமெண்ட்டு?"

இனிப்புக் கடைக்காரர் சிரித்தபடி இதைக் கேட்டதும் உனக்குக் கூச்சம் பிடுங்கும். எடுத்த தாளைத் திரும்பப் பைக்குள் செருகப் போவாய். செருகாதே! அந்தக் கூச்சத்துக்கு நான் கட்டிய தண்டம் கொஞ்சமல்ல.

மாதம் 18,000 ரூபாய்க்கு ஒரு கடையின் விளம்பர வேலையை வாய்ப்பேச்சில் எடுத்தேன். "ஆன்லைன் விஷயமெல்லாம் நீங்களே பாத்துக்கோங்க" என்றார் முதலாளி. தீபாவளி போஸ்டரை அவர் பார்த்தார், நிறம் மாறியது. மகன் பார்த்தார், எழுத்து மாறியது. மைத்துனர் பார்த்தார், பழைய நிறமே திரும்பி வந்தது. இப்படி ஒன்பது முறை! நடுவில் கடைப் பெயர்ப்பலகையையும் ஓசியில் வரைந்து கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. எல்லையை எழுதாமல் விட்டவன் நான்.

நீ எழுது. 'மாதம் 12 போஸ்டர், 4 ரீல்ஸ், கடையில் ஒரு நாள் படப்பிடிப்பு.' அதன் கீழேயே, இதில் சேராதவற்றையும் எழுது: பெயர்ப்பலகை, வெப்சைட், வாடிக்கையாளர் மெசேஜுக்குப் பதில் சொல்வது. மெட்டாவுக்குக் கட்டும் விளம்பரப் பணம் கடையின் கார்டிலிருந்தே போகட்டும். உன் கார்டைக் கொடுத்தால் நீ கடன்காரன்!

'திருத்தம் இரண்டு முறை' என்பது மட்டும் போதாது. முறை என்றால் என்ன? கடை சார்பில் ஒரே ஒருவர், எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து, ஒரே செய்தியாக அனுப்புவது. அந்த ஒருவர் பெயரும் தாளில் இருக்கட்டும். மூன்றாவது முறையிலிருந்து முறைக்கு 400 ரூபாய். அன்றைக்கு இந்த வரி இருந்திருந்தால் மிச்ச ஏழு முறைக்கு 2,800 ரூபாய் ஆகியிருக்கும். ஆகியிருக்காது! காசு என்றதும் மைத்துனருக்கு நிறமெல்லாம் பிடித்துப்போயிருக்கும். ஒப்புதல் தந்தபின் கருத்தையே மாற்றினால் அது திருத்தமல்ல, புது வேலை. மூன்று வேலைநாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் என்றே கொள்ளப்படும்.

பணம்? பாதி மாதத் தொடக்கத்தில், மீதி பில் கொடுத்த 15 நாளில். முன்பணம் வந்த பிறகே வேலை. எடிட் செய்யக்கூடிய மூலக் கோப்புகள் முழுப்பணத்துக்குப் பிறகு.

இன்னொன்று, உத்யம் பதிவை முதலிலேயே செய்துவிடு, கட்டணம் கிடையாது. பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உன் பக்கம். தவணையை எப்படி எழுதினாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி.

அடுத்த தீபாவளிக்கு அதே கடைக்காரர் முன் தாளை நீட்டினேன். இருமுறை படித்தார், 400 ரூபாயை 300 ஆக்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். போஸ்டர் இரண்டாவது திருத்தத்திலேயே அச்சுக்குப் போனது.