அம்மாவுக்கு என்ன நோய் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்



அடுப்படியில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடும். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கேன்சர் வந்த வீடுகளுக்குப் போகும்போது இதை நான் பார்க்கிறேன். “அவனுக்கு ஒன்றும் தெரியாது ஃபாதர்” என்பார்கள். உண்மையிலேயே தெரியாதா? அம்மாவின் வீங்கிய கண்களையும் அப்பாவின் மௌனத்தையும் அவன் கவனித்துவிட்டான். நாம் சொல்லாததை அவனே கற்பனை செய்துகொள்கிறான். அந்தக் கற்பனை பல நேரங்களில் உண்மையைவிடப் பயங்கரமானது.

தவக்காலத்தின் 5ஆம் ஞாயிறான இன்று, யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தைக் கேட்டோம். இலாசர் தூங்குவதாக ஆண்டவர் சொன்னதும், தூங்கினால் நலமடைவார் என்று சீடர்கள் எண்ணிக்கொண்டார்கள். வளர்ந்தவர்களே அப்படிப் புரிந்துகொண்டார்கள் என்றால், பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? அதனால் ஆண்டவர் நண்பரின் சாவை மறைக்காமல் சொன்னார். பிறகு அழவும் செய்தார். உண்மையைச் சொல்லவும் பிள்ளையின் முன் கண்ணீர் விடவும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.

கிள்ளானில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாய்க்கு மார்பகப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கீமோ. வீட்டில் ஏழு வயது மகனும் பதின்மூன்று வயது மகளும் இருக்கிறார்கள். மகனிடம் “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால், நாளை தனக்குக் காய்ச்சல் வரும்போது அவன் நடுங்குவான். ஆகவே நோயின் பெயரைச் சொல்லுங்கள். “அம்மாவுக்கு மார்பில் கேன்சர் வந்திருக்கிறது. டாக்டர் மருந்து ஏற்றுவார். அந்த மருந்தால் அம்மா களைப்பாக இருப்பார், முடி கொட்டும். மருந்து முடிந்த பிறகு முடி வளரும்.” இவ்வளவு போதும். முதல் மருந்து ஏற்றி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்குவது வழக்கம். அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அவன் வாய்விட்டுக் கேட்காத மூன்று கேள்விகள் உண்டு. என்னால்தான் இது வந்ததா? எனக்கும் தொற்றுமா? என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்த வயதில் பிள்ளை, தான் கோபத்தில் கத்தியதால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்றுகூட நம்பும். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவருடைய பாவமும் அல்ல, பெற்றோரின் பாவமும் அல்ல என்று ஆண்டவர் பதில் சொன்னதைப் போன ஞாயிறு கேட்டோமே! அதையே பிள்ளைக்கும் சொல்லுங்கள்: “நீ சொன்னதாலோ செய்ததாலோ இது வரவில்லை. கட்டிப்பிடித்தால் ஒட்டாது. செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து உன்னைப் பாட்டி கூட்டி வருவார்.” ஒருமுறை சொன்னால் போதாது, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மூத்தவள் கேள்வி கேட்கமாட்டாள். கைப்பேசியில் தேடிப் படிப்பாள். அவளுக்கு இன்னும் விரிவாகச் சொல்லுங்கள். சமையலையும் தம்பியையும் முழுவதுமாக அவள் தலையில் கட்டிவிடாதீர்கள். இருவருடைய வகுப்பாசிரியர்களிடமும் விஷயத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

“அம்மா செத்துப்போய்விடுவாரா?” என்று ஒருநாள் கேட்பார்கள். என்ன சொல்வோம்? “சாகமாட்டார்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “குணமாக்க டாக்டர்கள் மருந்து கொடுக்கிறார்கள். ஏதாவது மாறினால் உன்னிடம் மறைக்கமாட்டோம்” என்று சொல்லுங்கள். இனிக் குணமாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால், அதையும் அம்மாவோ அப்பாவோ மெதுவாகச் சொல்வதே நல்லது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடி வந்து நோயாளிகளைக் கவனிக்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவின் தாதியரிடம், இதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று கேட்கலாம்.

சில வார்த்தைகளைத் தவிர்ப்போம். சாவைத் “தூக்கம்” என்றால் பிள்ளை இரவில் கண்மூட அஞ்சும். “நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்” என்றால் கடவுளைக் கண்டே பயப்படும். “நீ நன்றாகச் செபித்தால் அம்மா பிழைத்துக்கொள்வார்” என்பது எல்லாவற்றையும்விடக் கனமான சுமை. தாய் இறந்துவிட்டால், தன் செபம் போதவில்லை என்று அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் எண்ணும். நம் இரக்கமுள்ள தந்தை ஒரு பிள்ளையின் செபத்தை எடைபோட்டு அதன் தாயின் உயிரைத் தீர்மானிப்பவர் அல்ல. “அம்மாவோடும் நம்மோடும் இயேசு இருக்கிறார், நாம் சேர்ந்து செபிப்போம்” என்று சொல்லுங்கள். நோயிற்பூசுதல் கொடுக்க நாங்கள் வரும்போது பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள், கட்டிலருகே நிற்கட்டும்.

அன்புக்குரியவர்களே, உங்கள் வீட்டில் இந்த நோய் இருந்தால், இன்று மாலையே பிள்ளையை அருகில் உட்காரவைத்து நோயின் பெயரைச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். நான் வந்து உங்களோடு உட்காருகிறேன். ஆமென்.