பாக்கி 426 வெள்ளி

வாடகைப் பாக்கி வைத்திருக்கும் நண்பனிடம் அதைக் கேட்கும் நேரத்தில் யாருக்குக் கூச்சம் வருகிறது? பெரும்பாலும் கேட்கப் போகிறவருக்குத்தான். சேர வேண்டிய காசைக் கேட்பதற்கு, கை நீட்டுகிறவர் மாதிரி வார்த்தை தேட வேண்டியிருக்கிறது. வள்ளுவர் இரவச்சம் என்று ஓர் அதிகாரம் எழுதினார். அது இல்லாதவன் பிறரிடம் போய்க் கேட்பதைப் பற்றியது. தன் பங்கைக் கேட்கிறவனுக்கு ஏன் அதே அச்சம் வர வேண்டும்? காஹாங்கில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்திருந்த ஒரு தாமான் வீட்டில்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது.

காஹாங், ஜொகூரில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கிற சின்ன ஊர். சுற்றிலும் செம்பனை. கோலாலம்பூரில் வீட்டுத் தோழனோடு ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்காமலேயே இருந்துவிடலாம். இங்கே அது நடக்காது. காலையில் ரொட்டி சானாய் தின்னப் போனால் அவன் பக்கத்து மேசையில் இருப்பான். அதனால் சண்டை போட்டுப் பிரிவதற்கும் சரி, பேசாமலே விட்டுவிடுவதற்கும் சரி, இங்கே விலை அதிகம்.

கணக்கு இதுதான். வீட்டு வாடகை 600 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்), ஆளுக்கு 200. லைட் பில், தண்ணி பில், இணையம் மூன்றும் சேர்ந்து ஜூனில் 213 ஆனது, ஆளுக்கு 71. ஜூலையில் 225, ஆளுக்கு 75. நண்பன் ஜூனில் 100 வெள்ளி கொடுத்தான், ஜூலையில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் வீட்டுக்காரருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். போடுகிறவன் நான் என்பதால் அவன் பங்கையும் இரண்டு மாதமாக நானே போட்டேன்.

இதை அவன் என்னிடம் வாங்கிய கடன் என்று சொல்லலாமா? யோசித்தால் இல்லை. கடன் என்றால் ஒருவன் கேட்க வேண்டும், இன்னொருவன் யோசித்து சரி என்று சொல்ல வேண்டும். இங்கே அவன் கேட்கவில்லை, நானும் சரி சொல்லவில்லை. 7ஆம் தேதி வந்தது, வீட்டுக்காரருக்கு 600 முழுசாகப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தேதிதான் என்னைக் கடன் கொடுத்தவனாக ஆக்கியது. வாடகைப் பாக்கி இத்தனை சங்கடமாக இருப்பதற்கு முதல் காரணம் இது என்று நினைக்கிறேன். நட்புக்குள் ஒரு கடன் புகுந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

சட்டத்துக்கு இந்தச் சங்கடம் தெரியும். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி அமைந்தது. பலர் சேர்ந்து ஒரு தொகைக்கு வாக்குக் கொடுத்தால், வேறு ஏற்பாடு இல்லாதவரை, முழுத் தொகையையும் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது அதன் விதி. இந்தியச் சட்டம் ஓர் உதாரணமும் தருகிறது. மூன்று பேர் சேர்ந்து 3,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். ஒருவர் முழுவதையும் கட்ட வேண்டியதாகிறது. இன்னொருவர் நொடித்துப்போய்த் தன் பங்கில் பாதியைத்தான், அதாவது 500 ரூபாய்தான், தர முடிகிறது. குறையும் 500ஐ மற்ற இருவரும் ஆளுக்கு 250 என்று சுமக்க வேண்டும். ஆக, கட்டியவருக்கு மூன்றாமவர் 1,250 தர வேண்டும். ஒருவரால் முடியாமல் போனால் அந்தப் பாரம் கூட இருப்பவர்கள் மேல்தான் விழும், வீட்டுக்காரர் மேல் விழாது. ‘என் பாக்கி என் பிரச்சினை’ என்று சொல்ல முடியாத இடம் வாடகை வீடு.

அப்படியென்றால் பேசாமல் இருப்பது பெருந்தன்மை இல்லையா? அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் எட்டாம் புத்தகத்தில் இதைத்தான் ஆராய்கிறார். பயனை வைத்து அமைந்த நட்புகளில்தான் மனக்குறை அதிகம் எழுகிறது என்கிறார். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் நிபந்தனைகளை வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறார்கள். இன்னொன்றில் நண்பனுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு, மனசுக்குள் திரும்பி வரும் என்று காத்திருக்கிறார்கள். கொடுக்கும்போது அன்பளிப்பு, கேட்கும்போது கடன். தகராறு இங்கேதான் பிறக்கிறது. வாங்கியவன் ‘விட்டுக்கொடுத்துட்டான்’ என்று நினைத்திருப்பான், கொடுத்தவன் நாள் எண்ணிக்கொண்டிருப்பான். இருவருமே பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் ஒரே பணம் இரண்டு வேறு பொருளாக இருந்திருக்கிறது.

பேசாமல் இருப்பது எப்போது கெட ஆரம்பிக்கிறது என்பதற்கு அடையாளம் உண்டு. அவன் ராத்திரி பர்கர் வாங்கி வந்தால் அதன் விலை நம் கண்ணில் படும். புதுச் சப்பாத்து போட்டால் ‘ஓ’ என்று மனசு சொல்லும். அவன் குளிக்கும் நேரம், ஃபேன் ஓடும் நேரம் எல்லாம் கணக்கில் ஏறும். நண்பனின் வாழ்க்கைக்கு நாம் கணக்காய்வாளர் ஆகிவிடுகிறோம். அந்தப் பக்கம் அவன், நாம் வேலைக்குக் கிளம்பிய பிறகே அறையை விட்டு வெளியே வருவான். வெளியே பார்த்தால் வீட்டில் சண்டையே இல்லை. ஆனால் ஒருவன் தினமும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறான், மற்றவனுக்கு வழக்கு நடப்பதே தெரியாது. தன் மேல் என்ன பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை பாக்கி வைத்தவனுக்கும் இருக்கிறது. அவன் பதில் சொல்வதற்கே இடமில்லாமல் அவனைப் பற்றி முடிவெடுப்பது அன்பு ஆகாது.

மலேசியாவில் 555 என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டு ஒன்று உண்டு. மளிகைக் கடைக் கடன் என்றால் அதில்தான் எழுதுவார்கள். இன்றைக்கும் 555 என்றால் எங்களுக்குக் கடன் கணக்கு என்றுதான் அர்த்தம். அந்த நோட்டில் எனக்குப் பிடித்த விஷயம், பொருளும் தேதியும் தொகையும் மட்டும்தான் அதில் ஏறும். வாங்கியவர் எப்படிப்பட்ட ஆள் என்று எழுத அதில் பத்தியே கிடையாது. நண்பனுக்கு அனுப்பும் செய்தியும் அப்படி இருந்தால் போதும் என்று தோன்றியது. ஜூலைக் கடைசியில் நான் அனுப்பியது இது:

“டேய், வீட்டுக் கணக்கு. ஜூன்ல உன் பங்கு 271, நீ கொடுத்தது 100, பாக்கி 171. ஜூலை 275. மொத்தம் 446. நீ வாங்கின கேஸ் 30 வெள்ளியில எங்க ரெண்டு பேர் பங்கு 20 கழிச்சா 426. பில் எல்லாம் படம் எடுத்துக் கீழ போட்டிருக்கேன், பாத்துட்டு எது சரியில்லேன்னாலும் சொல்லு. ரெண்டு மாசம் உன் பங்கையும் நான் போட்டேன், 7ஆம் தேதி வர்றதுக்கு என்கிட்ட இல்ல. முழுசா முடியலேன்னா எந்தத் தேதியில எவ்வளவு முடியும்னு சொல்லு. சனிக்கிழமைக்குள்ள ஒரு பதில் போடு. ஞாயித்துக்கிழமை குளுவாங் போறோம்தானே?”

இதில் சில விஷயங்கள் யோசித்துச் செய்தவை. மூவரும் இருக்கும் குழுவில் போடாமல் அவனுக்கு மட்டும் அனுப்பினேன். சாட்சி வைத்துக் கேட்டால் அது கேட்பதாக இருக்காது, தண்டிப்பதாகிவிடும். ‘சாப்டியா மச்சான்’ என்று தொடங்கவில்லை. அப்படித் தொடங்கினால், அடுத்த தடவை நிஜமாகவே சாப்பிட்டாயா என்று கேட்கும்போதும் அவன் பயப்படுவான். கேஸ் காசைக் கழித்ததும் முக்கியம். அவன் கொடுத்ததை எழுதாத கணக்கு, தொகை சரியாக இருந்தாலும் நியாயமான கணக்கு இல்லை. ‘ஏன் கொடுக்கவில்லை’ என்ற கேள்வி எங்கேயும் வராது. காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது அவன் விருப்பம். எனக்குத் தேவை தேதி. குளுவாங் பயணம் கடைசி வரியில் வந்ததற்கும் காரணம் உண்டு. ‘நம்ம நட்புக்கு ஒண்ணும் ஆகாது’ என்று எழுதினால் ஆகக்கூடும் என்றுதான் அவன் காதில் விழும். வழக்கமான வேலையைப் பற்றி வழக்கம்போலக் கேட்டால் போதும்.

ஏன் மூன்றாம் மாதம் வரை பொறுக்கக்கூடாது என்பதற்குக் கணக்கே பதில் சொல்கிறது. வீட்டுக்காரரிடம் இரண்டு மாத முன்பணம் 1,200 வெள்ளி இருக்கிறது, அதில் அவன் பங்கு 400. பாக்கி இப்போதே 426. அவன் நாளை வீட்டைக் காலி செய்து முன்பணத்தை எங்களுக்கே விட்டுவிட்டாலும் ஈடாகாது. இதைத் தாண்டினால் நட்பால் மட்டுமே தாங்கக்கூடிய தொகையாக அது மாறும். அந்தப் பாரத்தை நட்பின் மேல் தெரியாமல் ஏற்றிவிடக் கூடாது.

இதற்கு எதிராக வள்ளுவரின் பழைமை அதிகாரத்தைக் காட்டலாம். பழகிய நண்பன் உரிமை எடுத்துச் செய்வதை ஏற்றுக்கொள்வதுதான் நட்பு என்பது அதன் சாரம். ஒப்புக்கொள்கிறேன். என் சட்டையை அவன் கேட்காமல் போட்டுக்கொண்டு போனால் நான் வாய் திறக்க மாட்டேன். சட்டை என்னுடையது. வாடகையில் மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான், வீட்டுக்காரர் இருக்கிறார், ஒரு தேதி இருக்கிறது. என்னுடையதாக மட்டும் இல்லாததை நான் மட்டும் விட்டுக்கொடுத்துப் பெருந்தன்மை காட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அவனுடைய குத்தகைக்காரர் சம்பளத்தைத் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஆகஸ்ட் வாடகை 200ஐ 5ஆம் தேதி போட்டுவிடுவதாகவும், பழைய பாக்கியை மாதம் 142 வீதம் மூன்று மாதத்தில் தீர்ப்பதாகவும் எழுதியிருந்தான். இது நல்ல வரிசை. நடப்பு மாதத்தை முதலில் கட்டினால் பாக்கி வளராமல் நிற்கும். பழையதை முதலில் அடைத்தால் புதியது சேர்ந்துகொண்டே போகும்.

முடியவே முடியாது என்று அவன் எழுதியிருந்தால்? அப்போது எனக்கு இரண்டு வழிதான். 426 வெள்ளியையும் விட்டுவிட்டேன் என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு பர்கர் விலையைப் பார்க்காமல் இருப்பது ஒன்று. அது என்னால் ஆகாது என்றால், ஒரே வீட்டில் இருப்பதை முடித்துக்கொண்டு நண்பர்களாக மட்டும் இருப்போம் என்று சொல்வது மற்றொன்று. இரண்டையும் நேரில்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். செய்தியில் அனுப்பத் தகுந்தது கணக்கு மட்டும்தான்.