விற்ற பொருளும் விற்றவன் பேச்சும்



சென்ற ஆண்டு நம் கடையிலிருந்த பழைய குளிர்பெட்டி ஒன்றை ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசில் 450 வெள்ளிக்கு விற்றோம். பொருள் போய்விட்டது, விளம்பரத்தை எடுக்க மறந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர் லாரிக்குச் சொல்லிவிட்டு, "எப்போது வரலாம்?" என்று கேட்டார். இல்லாத சரக்குக்கு விலைச்சீட்டு தொங்கவிட்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெட்கத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழித்தோம். அங்கேதான் பிழை செய்தோம். "Mark as sold" என்பதை அழுத்தினால் பொருள் விற்றுப்போனதாகக் குறிக்கப்பட்டு, நம் பட்டியலில் இருக்கும். "Delete listing" என்பது விளம்பரத்தையே நீக்கும். ஆனால் வாங்கியவரோடு பேசிய பேச்சு இவ்விரண்டிலும் அழியாது. அது மெசஞ்சரில் தனியே கிடக்கும். அவருடைய வீட்டு முகவரி, தொலைபேசி எண், பணம் அனுப்பிய படம் எல்லாம் அதிலுண்டு. அதையும் நாம் அழித்துவிட்டோம்.

மூன்று வாரத்தில் குளிர்பெட்டியை வாங்கியவர் வந்தார். "கதவு ரப்பர் கிழிந்திருப்பதைச் சொல்லவில்லையே" என்றார். சொல்லியிருந்தோம், காட்டத்தான் கையில் ஒன்றுமில்லை. நாம் அழித்தது நம் பக்கத்துப் பிரதியை மட்டுமே. அவருடைய கைப்பேசியில் முழுப் பேச்சும் இருந்தது. மேலே தள்ளிப் பார்க்கும்படி வேண்டினோம். அவரே படித்துவிட்டு, "மன்னிக்கணும் பாய்" என்றார். அவர் நல்லவர். வேறொருவராயின் நம் கதி என்ன?

அப்படியானால் அழிக்கலாமா, கூடாதா? முகவரியும் எண்ணும் அவருடைய அமானிதம். பொருளை ஒப்படைப்பதற்காக நம்மிடம் தரப்பட்டவை. தேவை தீர்ந்தபின் வாடிக்கையாளர் தகவலை வைத்திருக்கலாகாது என்றுதான் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வணிகர்களைப் பணிக்கிறது. ஆயினும் பொருளின் குறையை நாம் சொன்ன வார்த்தை இருவருக்கும் பொதுவானது. அதைத் தனியே அழிக்க நமக்கு மட்டும் உரிமையுண்டோ? சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்கிடவோ 2 ஆண்டு அவகாசமுண்டு. அதுவரை தேவை தீர்ந்ததாகாது.

"Unsend" கொடுத்தால் நாம் அனுப்பிய சொல் அவர் பக்கத்திலும் மறையும். விற்றபின் அப்படிச் செய்வது, கொடுத்த ரசீதைப் பிடுங்கிக் கிழிப்பதேயாகும்.

இப்போது நாம் செய்வது இது. விற்ற அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுகிறோம். தேதி, பொருள், விலை, சொன்ன குறை நான்கையும் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறோம். அதில் முகவரி கிடையாது. வாங்காமல், விலை மட்டும் பேசிப் போனவர்களின் பேச்சை அந்த வாரமே அழிக்கிறோம். வாங்கியவர் பேச்சு 2 ஆண்டு இருக்கும். நம் கடைப் பையன் இதை வீண் வேலை என்கிறான். குளிர்பெட்டி விற்றபோது அவன் வேலைக்கு வந்திருக்கவில்லை.