கடவுள் சொன்னதால் நன்மையா, நன்மை என்பதால் சொன்னாரா?

மேல்வகுப்பில் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தைப் படிப்பிக்கும் மறையாசிரியரிடம் யாராவது ஒரு பிள்ளை கேட்டே தீரும்: “ரீச்சர், மகனைக் கொல்லச் சொன்னது கடவுள் என்றால், கொலை சரியாகிவிடுமா?” உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழலாம். “கடவுள் சொன்னால் கேட்கவேண்டியதுதான்” என்று வாயடைத்துவிடாதீர்கள். அந்தப் பதில், நாம் அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கடவுள் கட்டளையிடுவதாலேயே ஒரு செயல் நன்மையாகிறது என்பது ஒரு கொள்கை. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒக்கம் வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவி இதை வெகுதூரம் கொண்டுபோனார். தம்மை வெறுக்கும்படிகூடக் கடவுள் கட்டளையிட முடியும் என்று ஓரிடத்தில் எழுதினார். பின்னர் அவரே அதிலுள்ள சிக்கலைக் கண்டார்: கடவுளுக்காக அக்கட்டளைக்குக் கீழ்ப்படிபவன் அவரை நேசிக்கிறான் அல்லவா? அப்படியானால் வெறுப்பது எங்ஙனம்?

மற்றது இயற்கைச் சட்டம். உயிரைக் காத்தல், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தல், உண்மையைத் தேடுதல், பிறரோடு கூடிவாழ்தல் ஆகிய நாட்டங்களை மனித இயல்பிலே வைத்தவர் கடவுள். அவற்றிலிருந்து நன்மை எது என்பதைப் பகுத்தறிவு கண்டுகொள்ளும் என்றார் புனித தோமஸ் அக்குவைனாஸ். இது கடவுளை ஒதுக்கிவைக்கும் கொள்கை என்று பிள்ளைகள் எண்ணிவிடுவதுண்டு. அது தவறு. அந்த இயல்பைப் படைத்தவரே அவர்தானே.

அப்படியானால் தோமஸ் ஆபிரகாமைக் குற்றவாளி என்றிருக்கவேண்டும் என்று வகுப்பு எதிர்பார்க்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. கொலை என்பது நீதியின்றி உயிரைப் பறித்தல். உயிரோ கடவுள் தந்தது. எல்லோருக்கும் சாவை அனுமதிப்பவர் அவர். தாம் தந்ததைத் தாமே கேட்பதில் அநீதி இல்லை என்பது அவர் வாதம்.

“அப்படியானால் இரண்டு கொள்கையும் ஒன்றுதானே?” என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். இங்கேதான் ஆசிரியர் கதையை மாற்றவேண்டும். குற்றமற்ற அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லும்படி ஒரு குரல் கட்டளையிட்டால்? முதற்கொள்கையைக் கடைசிவரை பிடிப்பவன், குரல் கடவுளுடையதானால் சொல்லத்தான் வேண்டும் என்பான். தோமஸோ, கடவுள் தம் நீதியைத் தாமே மறுக்கமுடியாது, ஆகையால் அது அவர் கட்டளையாயிருக்க முடியாது என்பார். உயிருக்கு உரிமையாளர் என்ற நியாயம் இங்கே உதவாது. இந்த இரண்டாம் கதையில் தடுமாறும் பிள்ளை, முதற்கதையின் பதிலை மனனம் பண்ணியிருக்கிறதே தவிர விளங்கிக்கொள்ளவில்லை.

ஒரு கேள்வி இன்னும் மிஞ்சும்: அது கடவுளின் குரல்தான் என்று ஆபிரகாமுக்கு எப்படித் தெரியும்? 1798இல் கான்ற் என்ற ஜெர்மன் மெய்யியலாளர் இதையே எழுப்பினார். மகனைக் கொல்லக்கூடாது என்பது தனக்கு நிச்சயம், பேசுவது கடவுள் என்பதோ நிச்சயமில்லை என்று ஆபிரகாம் பதில் சொல்லியிருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. வேதாகமமோ பேசியவர் கடவுள் என்று முதல் வசனத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடுகிறது. நாளை ஒருவன் வந்து “கடவுள் என்னிடம் சொன்னார்” என்று கத்தியைத் தூக்கினால், அந்த வசனம் அவன் கையில் இல்லை. இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அது என்ன சொல்கிறது என்று கேட்டுப்பாருங்கள்.