புலவியும் வாய்ச்சொல்லும்

ஈப்போ நகரை அடுத்த குனோங் ராபாட், சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் குகைக் கோயில்களுக்கும் பேர்போன இடம். அங்கே சீனர்கள் சுட்டு விற்கும் ஹியோங் பியா என்னும் பிஸ்கட்டும் அதே அளவு பேர்போனது. மேலே உதிரும் ஓடு. உள்ளே மால்ட் சர்க்கரைப் பாகு. விலை உயர்ந்த பொருளன்று. ஆயினும் அதனை வைத்தே ஒரு கேள்வியை இங்கு ஆராய விரும்புகிறோம்.

அவ்வூர் இளைஞர் ஒருவரும் புந்தோங்கில் வாழும் பெண் ஒருவரும் பழகத் தொடங்கி ஐந்தாறு வாரங்களே ஆயின என்று வைத்துக்கொள்வோம். "அடுத்த ஞாயிறு வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவருகிறேன்" என்கிறார் அவர். ஞாயிறு வருகிறது, அவரும் வருகிறார், கை மட்டும் வெறுங்கை. சொன்னதே அவருக்கு நினைவில்லை. அப்பெண்ணுக்கோ வாரமெல்லாம் நினைவிருந்தது. இப்போது அவள் என்ன செய்வது?

"பேசாமல் இரு, தானே புரிந்துகொள்வார்" என்பாள் வீட்டிலுள்ள அக்காள். இவ்வறிவுரைக்குப் பழைய இலக்கியமும் துணை நிற்பதுபோல் தோன்றும். வள்ளுவர் காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களை, 131 முதல் 133 வரை, புலவிக்கும் ஊடலுக்குமே கொடுத்தார் அல்லவா? கொடுத்தார். ஆனால் எங்கே கொடுத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். அம்மூன்றும் கற்பியலில் உள்ளன, களவியலில் இல்லை. ஒருவரையொருவர் நன்கு அறிந்து, உறவு முறியாது என்று உறுதிகொண்டவர்களின் விளையாட்டு அது. அங்கும் புலவிக்கு உப்பின் அளவையே அவர் உவமை சொன்னார். சற்று நீண்டாலும் உப்பு மிகுந்துவிடும் என்றார்.

இன்னொன்றும் உண்டு. தலைவி வாய்மூடி இருந்தால் அம்மௌனத்தைத் தலைவனுக்கு எடுத்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். தோழி, பாங்கன், பாணன், விறலி முதலிய பன்னிருவரை வாயில்கள் எனத் தொல்காப்பியக் கற்பியல் எண்ணுகிறது. இன்று குனோங் ராபாட்டுக்கும் புந்தோங்குக்கும் இடையே எந்தப் பாணன் நடக்கிறான்? வாயில் இல்லாத இடத்தில் புலந்தால், எதிரிலிருப்பவர் காண்பது ஒரு சுளித்த முகத்தை மட்டுமே. தலைவலியோ, வீட்டில் சண்டையோ, தம்மைப் பிடிக்கவில்லையோ என்று அவர் கண்டதையும் எண்ணுவார். பிஸ்கட்டை மட்டும் எண்ணமாட்டார்.

ஆகவே சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதிலேதான் தமிழ் நம்மைச் சற்றுத் தடுமாற வைக்கிறது. 'ஏமாற்றமாயிருந்தது' என்று சொன்னால், அச்சொல்லுக்குள் 'ஏமாற்றினாய்' என்பதும் ஒலிக்கிறது. ஏமாற்றுதல் என்றால் வஞ்சித்தல். மறந்தவர் வஞ்சித்தவர் ஆகமாட்டார். 'மறந்துவிட்டீர்களா?' என்பது கேள்விபோல் தோன்றினும் குற்றச்சாட்டே. ஆம் என்பதைத் தவிர அதற்கு விடை கிடையாது. 'எப்போதும் இப்படித்தான்' என்பதோ வெறும் பொய். ஐந்து வாரத்தில் எப்போதும் என்பது ஏது?

'எதிர்பார்த்திருந்தேன்' என்னும் சொல்லே நமக்கு ஏற்றதாகப் படுகிறது. அதன் எழுவாய் 'நான்'. "போன வாரம் பிஸ்கட்டு கொண்டுவருவதாகச் சொன்னீர்கள். நான் எதிர்பார்த்திருந்தேன், வராததில் கொஞ்சம் வருத்தந்தான்." இவ்வளவே. நடந்தது ஒன்று, தன் மனநிலை ஒன்று. அன்றைக்கே, அருகில் பிறர் இல்லாதபோது, ஒரு முறை. நள்ளிரவில் கைபேசியில் எழுதி அனுப்பினால் எழுத்துக்குக் குரல் இல்லாமையால் 'கொஞ்சம்' என்பது 'மிகவும்' என்று படிக்கப்படும்.

சொன்ன பிறகு வருவதுதான் கடினம். அவர் பதறி, வேலை, மழை, மோட்டார் சைக்கிள் என்று காரணங்களை அடுக்குவார். அப்போது இரக்கப்பட்டு "ஐயோ, ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன்" என்று நம் பெண்கள் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். அடக்கம் என்று ஊர் இதனைப் புகழும். நமக்கோ இஃது இரண்டாவது மறதியாகவே தெரிகிறது. இம்முறை மறப்பவள் அவள். "சரி, அடுத்த வாரம் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டு, அவருடைய தாயாரின் உடல்நலத்தை விசாரிக்கலாம். பேச்சு வேறு பக்கம் திரும்பிய பிறகும் முகம் திரும்பாமல் இருந்தால், அது வருத்தம் அன்று, தண்டனை. அதைத் தன்னிடமே கண்டுகொள்வது எளிது.

மூன்றாம் ஞாயிறும் வெறுங்கை என்றால்? அப்போது பேச வேண்டியது பிஸ்கட்டைப் பற்றி அன்று; இம்முறையும் அங்கே பயன்படாது. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று முதல் நாளே அவர் சினந்தால், அதையும் ஐந்தாம் வாரத்திலேயே அறிந்துகொண்டாள் என்க. வாய்மூடி இருந்திருந்தால் ஐந்தாம் ஆண்டில் அறிந்திருப்பாள்.