மறுப்பும் கடப்பாடும்

தமிழில் 'வழக்கு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மக்கள் நெடுங்காலம் பயின்று வந்த முறை ஒன்று. மன்றத்தின் முன் வைக்கும் பிணக்கு மற்றொன்று. நாடுகளுக்கிடையே உள்ள சட்டத்தை ஆராய்வோர்க்கு இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது வியப்பாகத் தோன்றாது. அச்சட்டத்தின் ஒரு பெரும்பகுதி எழுதப்பட்ட ஒப்பந்தங்களால் ஆனதன்று, வழக்காற்றால் ஆனது. பல நாடுகள் ஒரு செயலை ஒரே வகையாகச் செய்து வர வேண்டும். அங்ஙனம் செய்வது வசதிக்காகவோ நட்புக்காகவோ அன்று, சட்டக் கடமையே என்னும் எண்ணத்தோடும் செய்து வர வேண்டும். இவ்விரண்டும் கூடும்போது அம்முறை சட்டமாகிவிடுகிறது. அதன்பின் அது, கையெழுத்திட்டவர் யார், இடாதவர் யார் என்று பார்ப்பதில்லை. வாய் திறவாதிருந்த நாட்டையும் கட்டுப்படுத்துகிறது. பேச வேண்டிய வேளையில் மௌனமாயிருந்ததே அதற்கு உடன்பாடாகக் கொள்ளப்படும்.

அவ்வாறாயின் உடன்படாத நாடு என் செய்யும்? இதற்கு விடையாக அமைந்ததே இடையறாத மறுப்பு என்னும் விதி. ஒரு வழக்காறு உருவாகிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, 'இது எம்மைக் கட்டாது' என்று ஒரு நாடு வெளிப்படையாகச் சொல்லி, அதிலிருந்து பிறழாது நிற்குமாயின், அவ்வழக்காறு பின்னர்ச் சட்டமான போதும் அந்நாட்டைக் கட்டுப்படுத்தாது.

இவ்விதிக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு, அனைத்துலக நீதிமன்றம் 1951 டிசம்பர் 18 அன்று வழங்கிய மீன்பிடி வழக்கின் தீர்ப்பாகும். நார்வேயின் கரை, தீவும் பாறையும் குடாவுமாகக் கிழிபட்டுக் கிடப்பது. 1935-இல் அந்நாடு, கரையின் வெளிமுனைகளை நேர்கோடுகளால் இணைத்துத் தன் மீன்பிடி எல்லையை வகுத்தது. வாய் அகலம் 10 கடல் மைலுக்கு மேற்பட்ட விரிகுடாவை அவ்வாறு கோடிட்டு அடைப்பது வழக்காற்றுக்கு மாறு என்று பிரிட்டன் வழக்காடியது. 10 மைல் என்பது பொதுச் சட்டமாக நிலைபெறவேயில்லை என்று நீதிமன்றம் முதலில் கூறிற்று. பின்னர், எவ்வாறாயினும் நார்வே தன் கரையில் அவ்விதியைப் புகுத்தும் முயற்சியை எப்போதும் எதிர்த்தே வந்திருப்பதால், அஃது அந்நாட்டின்மேல் செல்லாது என்றும் சேர்த்துக் கூறிற்று. 'எவ்வாறாயினும்' என்று ஓரமாகச் சொன்ன சொல்லின்மேல் இவ்வளவு பெரிய விதி எழுந்து நிற்பது குறித்து அறிஞர் சிலர்க்கு இன்றும் ஐயம் உண்டு. ஆயினும், ஐக்கிய நாடுகளின் அனைத்துலகச் சட்ட ஆணையம் 2018-இல் வகுத்தளித்த முடிவுகளில் 15-ஆவது முடிவாக இவ்விதி இடம்பெற்றுவிட்டது.

அம்முடிவு வேண்டுவன மூன்று. மறுப்பு தெளிவாக இருத்தல் வேண்டும். மற்ற நாடுகள் அறியச் சொல்லப்படுதல் வேண்டும். இடைவிடாது காக்கப்படுதல் வேண்டும். இவற்றோடு, மறுப்புக்குக் காலமும் உண்டு. வழக்காறு முதிர்ந்த பின் எழும் மறுப்பு, மறுப்பாகாது, விதி மீறலாகும்.

இவ்விதி நம் சிங்கப்பூரின் வரலாற்றில் எங்ஙனம் பயன்பட்டது என்பதைக் காண்போம். 2007 டிசம்பர் 18 அன்று, அதாவது நார்வே தீர்ப்புக்குச் சரியாக 56 ஆண்டுகள் கழித்து, ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை, மரண தண்டனை நிறைவேற்றத்தை நிறுத்திவைக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 104, எதிர்ப்பு 54, வாக்களியாது ஒதுங்கியவை 29. சிங்கப்பூர் எதிர்த்து வாக்களித்தது. பொதுப்பேரவையின் தீர்மானம் எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று என்பது யாவரும் அறிந்ததே. அங்ஙனமிருக்க, எதிர்த்து வாக்களித்ததோடு அந்நாடுகள் அமையாதது ஏன்? 2008 சனவரியில் 58 நாடுகள் ஒன்றுகூடி, பொதுச்செயலாளர்க்குத் தூதரகக் குறிப்பு ஒன்றை அளித்தன. நடப்பிலுள்ள அனைத்துலகச் சட்டத்துக்கு முரணாக, மரண தண்டனையை நிறுத்திவைக்கவோ ஒழிக்கவோ தம்மை வற்புறுத்தும் எம்முயற்சிக்கும் தாம் இடையறாத மறுப்புடையோம் என்பதைப் பதிவு செய்வதே அதன் உட்பொருள். சிங்கப்பூரும் அவற்றுள் ஒன்று.

இக்குறிப்பு யாருக்காக எழுதப்பட்டது என்பதை மாணவர் கூர்ந்து நோக்குதல் நலம். 'இடையறாத மறுப்பு' என்னும் தொடர் சினத்தில் எழுந்த சொல்லன்று. சட்ட நூலிலிருந்து தேர்ந்தெடுத்த சொல். தீர்மானம் இன்று சட்டமன்று; எனினும் இரண்டு ஆண்டுக்கொரு முறையென அது மீண்டும் மீண்டும் நிறைவேறி, ஆதரவும் பெருகுமாயின், 'நாடுகள் இதைக் கடமையெனக் கருதுகின்றன' என்று நாளை ஒருவர் வழக்காட இடமுண்டு. அந்த நாளை எண்ணியே இந்த நாளில் சொல்லி வைத்தார்கள். எதிர்த்து வாக்களித்தவை 54. குறிப்பில் ஒப்பமிட்டவை 58. ஒதுங்கி நின்றவை முதலான நாடுகளிலும் சில, தம் மௌனம் உடன்பாடாகப் பொருள்படலாகாது என்று அஞ்சியிருத்தல் வேண்டும்.

புக்கிட் பாத்தோக்கில் மாணவர் சிலரோடு இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், "ஐயா, 58 நாடுகள் மறுத்தால் அங்கே வழக்காறே உருவாகவில்லை என்றுதானே பொருள்? பிறகு இந்த விதி எதற்கு?" என்று கேட்டார். மிகவும் நல்ல வினா. மறுப்போர் பலராயின் விதியே பிறப்பதில்லை. பிறவாத விதியிலிருந்து விலக்கு எவருக்கும் தேவையில்லை. மறுப்போர் சிலராகி, பிறரெல்லாம் ஒருபுறம் சாய்ந்த பின்னரே இடையறாத மறுப்பு என்னும் கவசம் தேவைப்படும். ஆகவே அக்குறிப்பு இரு வேலைகளை ஒருங்கே செய்கிறது: வழக்காறு உருவாவதைத் தடுக்கிறது, தடுக்க முடியாமற் போனால் தப்புவதற்கு வழியும் அமைத்து வைக்கிறது.

ஆனால் தனித்து நிற்கும் நாள் வரும்போது மறுப்பைக் காப்பது எளிதன்று. கடலோர எல்லை 3 மைல்தான் என்று நெடுங்காலம் வாதாடிய அமெரிக்கா, உலகம் 12 மைலுக்கு நகர்ந்த பின் 1988 டிசம்பரில் தானும் 12 மைலை அறிவித்துக்கொண்டது. எந்த நீதிமன்றமும் அதைப் பணிக்கவில்லை. பிறர் 12 மைல் ஆள, தான் மட்டும் 3 மைலோடு நிற்பதில் பயன் கண்டிலது, அவ்வளவே. மரண தண்டனையிலும் இந்நகர்வு தெரிகிறது. 2007-இல் எதிர்த்து வாக்களித்த மலேசியா 2018-இல் தீர்மானத்தை ஆதரித்தது. 2023-இல் கட்டாய மரண தண்டனையையும் நீக்கியது. 2024-இல் ஆதரவு 130 ஆக உயர்ந்தது. எதிர்ப்பு 32 ஆகக் குறைந்தது.

சிங்கப்பூர் மறுப்போடு மட்டும் நிற்கவில்லை. 2016-இல் தீர்மானத்தின் உள்ளேயே, தத்தம் சட்ட முறையையும் தண்டனையையும் வகுத்துக்கொள்ளும் உரிமை எல்லா நாடுகளுக்கும் உண்டு என்னும் வாசகத்தைச் சேர்க்க வேண்டுமென்று அதுவே முன்னின்று திருத்தம் கொண்டுவந்தது. மூன்றாம் குழுவில் அது சிறிய பெரும்பான்மையில் ஏற்கப்பட்டது. அதன்பின் எஞ்சிய தீர்மானத்தைச் சிங்கப்பூர் எதிர்த்தே வாக்களித்தது. வெளியே நின்று மறுப்பதினும், வழக்காறு பிறக்கும் ஏட்டிலேயே மறுப்பை எழுதுவித்தல் வலிமையானது என்பதை அறிந்தவர் செயல் இது.

இனி உள்நாட்டு மன்றத்துக்கு வருவோம். 2010-இல் யோங் வுய் கோங் என்னும் மலேசிய இளைஞரின் மேல்முறையீடு விசாரிக்கப்பட்டது. 2007-இல் 19 வயதில் பிடிபட்ட அவரிடம் இருந்தது 47.27 கிராம் ஹெராயின். 15 கிராமுக்கு மேல் கடத்தியவர்க்கு அன்றைய சட்டப்படி நீதிபதி வேறு தண்டனை விதிக்க வழியில்லை. கட்டாய மரண தண்டனை அனைத்துலக வழக்காற்றால் விலக்கப்பட்டது என்பது அவர் தரப்பு வாதங்களுள் ஒன்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு காரணங்களால் அதனை மறுத்தது: அத்தகைய வழக்காறு நிலைபெற்றதாகக் காட்டப்படவில்லை, நிலைபெற்றிருப்பினும் நாடாளுமன்றம் இயற்றிய தெளிவான சட்டத்தின் முன் வழக்காறு நில்லாது. முதற்காரணத்தை நோக்குக. நாடுகள் கூடி எழுப்பிய மறுப்பு, அங்கே விலக்காக அன்றி, வழக்காறு உருவாகவில்லை என்பதற்குச் சான்றாகவே பயன்படத் தக்கது. மறுப்பின் முதல் வேலை அது. பின்னர் 2012-இல் திருத்தப்பட்ட சட்டம், சரக்கைச் சுமந்து வந்தவர் மட்டுமே எனத் தெரிந்து, அரசுத் தரப்புக்குப் பயனுள்ள உதவி அளித்தவர் முதலியோர்க்கு ஆயுள் தண்டனை விதிக்க நீதிபதிக்கு இடமளித்தது. அவ்விளைஞரும் 2013-இல் அவ்வாறே ஆயுள் தண்டனையும் 15 பிரம்படியும் பெற்றார். உள்நாட்டில் நேர்ந்த இத்தளர்ச்சியால் வெளிநாட்டில் கூறிய மறுப்பு கெட்டதா? கெடவில்லை. மறுக்கப்பட்டது கட்டாயம் என்னும் சொல்லன்று; வெளியாரின் வற்புறுத்தல். தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

இவ்விடத்தில் இரண்டு வினாக்களைக் கலந்துவிடாதிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. 'சிங்கப்பூர் கட்டுப்பட்டதா?' என்பது ஒன்று, 'இத்தண்டனை அறமா?' என்பது மற்றொன்று. இடையறாத மறுப்பு முதல் வினாவுக்கே விடை கூறும். இரண்டாவதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. தண்டனையை ஆதரிப்போர், 'நாம் சட்டப்படி கட்டுண்டவரல்லர்' என்று கூறி அறத்தையும் நிறுவிவிட்டதாக எண்ணுவர். எதிர்ப்போர், 'உலகில் பெரும்பாலோர் விட்டுவிட்டனர்' என்று கூறிச் சட்டத்தையும் நிறுவிவிட்டதாக எண்ணுவர். இருவர் கூற்றும் தத்தம் எல்லையைத் தாண்டியனவே. மறுப்பு என்பது அரசு பிற அரசுகளை நோக்கிப் பேசும் பேச்சு. சிறையிலிருப்பவர் அப்பேச்சில் ஒரு தரப்பினர் அல்லர்.

எனினும் இவ்விரண்டு வினாக்களும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. சில விதிகளை எந்நாடும் எத்துணைக் காலம் மறுத்தாலும் விலக்குப் பெற இயலாது. இன அழிப்பு, அடிமை முறை, சித்திரவதை ஆகியவற்றின் தடை இவ்வகையின. தென்னாப்பிரிக்காவின் வெள்ளை அரசு தன் நிறவெறிக் கொள்கையைப் பல்லாண்டு விடாது காத்தது. இடையறாமைக்கு அதினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆயினும் அம்மறுப்பு அதனை விடுவித்ததாக உலகம் ஏற்கவில்லை. ஆணையத்தின் 2018 முடிவும், இத்தகைய விலக்கொணா நெறிகள் பற்றிய எவ்வினாவுக்கும் ஊறு விளைவிக்காத வகையிலேயே மறுப்பு விதியை வகுத்திருக்கிறது. மரண தண்டனையைச் சித்திரவதையின் ஒரு வடிவமென உலகம் நாளை கருதுமாயின், 2008-இல் எழுதிய குறிப்பு பயன்படாது. மாறாக, அது குற்றவியல் நீதியின் ஒரு பகுதி என்றே எஞ்சுமாயின், அக்குறிப்பு முழு வலிமையோடு நிற்கும். சிங்கப்பூர் ஐக்கிய நாடுகளில் தன் நிலையை விளக்கும்போதெல்லாம், இது குற்றவியல் நீதி பற்றிய பொருள் என்று முதலில் நிறுத்திக்கொள்வது இக்காரணம் பற்றியே போலும்.