விருந்தாளியும் பங்காளியும்

விருந்தினரை உபசரிப்பதில் நம் மக்கள் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். வீட்டுக்கு வந்தவரை உட்கார வைத்துத் தாம் நின்றுகொண்டு பரிமாறுவதை நம் தாய்மார்கள் நமக்குச் சொல்லாமலே கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த நற்பழக்கமே ஓர் இடத்தில் நம்மை அறியாமல் ஒருவரை வெளியே நிறுத்திவிடுகிறது. ஊர்ப் பொதுக்காரியத்தில் தோள்கொடுக்க விரும்பி ஒருவர் முதன்முதலாக வந்து நிற்கிறார். அவரை விருந்தாளியாக நடத்துவதா, பங்காளியாக நடத்துவதா என்னும் கேள்வியைத்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறேன்.

நமக்கெல்லாம் பழக்கமான ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ரமலான் மாதத்துப் பள்ளிவாசல், நோன்புக் கஞ்சி. காலையிலேயே நொய்யரிசியும் பாசிப்பருப்பும் களைந்தாயிற்று. வெங்காயமும் இஞ்சியும் பூண்டும் அரைத்தாயிற்று. லுஹர் முடிந்ததும் பண்டாரி தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிட்டார். அஸருக்குப் பின் தூக்குவாளிகளோடு சிறுவரும் பெண்களும் வரிசையில் நிற்பார்கள். இதற்குள் அகப்பை பிடிப்பவர், பேரீச்சம்பழம் எண்ணுபவர், பள்ளிக்குள் நோன்பு திறப்போருக்குக் கிண்ணங்களை வரிசையாக அடுக்குபவர் என்று பத்துப் பேர் சொல்லாமலே தத்தம் இடத்தில் நிற்கிறார்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்து செய்தவர்கள். ஒருவர் கண்ணசைத்தால் மற்றவருக்குப் புரியும்.

அங்கே ஓர் இளைஞர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறூரிலிருந்து பிழைப்பின் நிமித்தம் வந்து, அந்த மஹல்லாவில் வாடகை வீட்டில் இருப்பவர். முந்திய நாள் தராவீஹுக்குப் பின், "நானும் கஞ்சி ஊற்ற வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் மகிழ்ச்சியோடு தலையசைத்திருக்கிறார்கள். இன்று வந்துவிட்டார். "வாங்க தம்பி, வாங்க" என்று நான்கு குரல்கள் எழுகின்றன. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். இளைஞர் உட்காராமல், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார். "இருக்கட்டும் தம்பி, இன்னைக்குத்தானே வந்திருக்கீங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று அன்பொழுகப் பதில் வருகிறது.

இந்தச் சொற்களில் கடுமை துளியும் இல்லை. ஆயினும் இவைதாம் அவரை வெளியே நிறுத்துகின்றன. "நாங்கள்" என்னும் சொல்லுக்குள் அவர் இல்லை. இந்தக் காரியம் அவரின்றியே நடந்துவிடும் என்பதையும் அது சொல்லிவிட்டது. சற்று நேரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மீண்டும் ஒருமுறை, "ஏதாவது செய்யட்டுமா?" என்பார். பிறகு கைபேசியை எடுத்துப் பார்ப்பார். நோன்பு திறக்கும்போது வரிசையின் கடைசியில் போய் உட்காருவார். மறுநாள் வரமாட்டார். "இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒருநாள் ஆர்வந்தான்" என்று நாம் பேசிக்கொள்வோம். அவருடைய குறையென்று நாம் எண்ணுவது உண்மையில் நம் உபசாரத்தின் விளைவு.

விருந்தாளிக்கு அளிக்கும் மரியாதை அவரை வேலையிலிருந்து விலக்குவது. பங்காளிக்கு அளிக்கும் மரியாதை வேலையில் ஒரு பங்கை அவரிடம் ஒப்படைப்பது. முன்னதைப் பெற்றவர் நன்றி சொல்லிப் போவார். பின்னதைப் பெற்றவர் மறுநாளும் வருவார்.

மதீனாவின் வரலாற்றில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. கி.பி. 622-இல் ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களை, மதீனாவாசிகளான அன்சாரிகளோடு பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு ஒருவராகச் சகோதரர்களாக்கினார்கள். ஊர் முழுவதும் சேர்ந்து அகதிகளைக் கவனித்துக்கொள்ளட்டும் என்று பொதுவாக விட்டுவிடவில்லை. இன்னாருக்கு இன்னார் என்று பெயர் குறித்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடப்பட்டவரை யாரும் பார்ப்பதில்லை என்பது மனித இயல்பு. நான்கு பேர் "வாங்க" என்று சொன்னதால்தான் அந்த இளைஞரின் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

அவ்வாறு இணைக்கப்பட்டவர்களுள் ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இருந்தனர். ஸஃது தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் அதற்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி காட்டும்படி கேட்டார். சென்று, வணிகம் செய்து, பாலாடைக்கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார். கொடுத்தவரின் பெருந்தன்மை ஒப்பற்றது. பெற வேண்டியவர் கேட்டதோ, தம் கைகளுக்கு ஓர் இடம். புதிதாக வருபவர் பெரும்பாலும் கேட்பது அதைத்தான். அவருக்குப் பொருளும் புகழுரையும் வேண்டியதில்லை. கடைத்தெரு எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும்.

ஆனால் எந்த வேலையைக் கொடுப்பது என்பதில்தான் விவேகம் வேண்டும். தேக்சாவின் பக்கம் முதல் நாளே நிறுத்தலாகாது. கொதிக்கும் கஞ்சி தெறிக்கும்; தரை ஈரத்தில் வழுக்கும்; நோன்பாளியின் உடல் அந்தி நேரத்தில் தளர்ந்திருக்கும். அடிப்பிடிக்காமல் துடுப்புப் போடுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். புதியவர் கிண்டி அடிப்பிடித்துவிட்டால் அந்தப் பழி மாதம் முழுவதும் அவரைத் தொடரும். பின்புறம் தனியே பாத்திரம் கழுவ அனுப்புவதும் சரியன்று. அது தேவையான வேலைதான். ஆயினும் அங்கே அவர் யாரையும் அறியார், யாரும் அவரை அறியார்.

அகப்பை பிடிப்பவரின் பக்கத்தில் நின்று தூக்குவாளிகளை வாங்கிக் கொடுப்பதே ஏற்ற வேலை. நூற்றைம்பது வாளிகளை ஒரு மணி நேரத்தில் நிரப்ப வேண்டுமானால், ஒரு வாளிக்கு இருபத்து நான்கு வினாடிகள்தாம் கிடைக்கும். அகப்பைக்காரரே வாளியை வாங்கி, மூடியைத் திறந்து, ஊற்றி, மூடிக் கொடுப்பதென்றால் வரிசை தேங்கும். பின்னால் தள்ளுமுள்ளு தொடங்கும். ஒருவர் மூடியைத் திறந்து நீட்டினால் அகப்பை நிற்காமல் ஓடும். ஆகவே இது ஒப்புக்குக் கொடுத்த வேலை அன்று; அவர் நின்றதால் வரிசை வேகமாக நகர்வதை அவரே கண்ணால் காண்பார். மேலும், மஹல்லாவின் ஒவ்வொரு வீடும் அவர் முகத்துக்கு முன்னால் கடந்து செல்லும். வாளியை வாங்கும்போதே அகப்பைக்காரர் மெல்லச் சொல்லுவார்: "இந்த வீட்டில் உடம்புக்கு முடியாத பெரியம்மா இருக்காங்க, ஓர் அகப்பை கூடப் போடணும். அந்தப் பையன் ரெண்டாம் தடவை வர்றான், ஆனா பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. தேக்சாவில் இந்த வளையத்துக்குக் கீழே போனா நிறுத்திடணும். மிச்சம் பள்ளிக்குள்ளே இருக்கறவங்களுக்கு."

இவை எங்கும் எழுதி வைக்கப்படாத செய்திகள். பழகியவர்களுக்கு இவை தெரியும். தெரியும் என்பதுகூட அவர்களுக்கு நினைவிராது. புதியவரை வெளியாளாக்குவது பெரும்பாலும் இந்த எழுதப்படாத செய்திகள்தாம். ஆதலால் வரவேற்பு என்பது அவற்றை ஒருவர் பக்கத்தில் நின்று, வேலையினூடே, ஒவ்வொன்றாகக் கையளிப்பது. முதலில் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரால் அழைத்து, அவரோடு நிற்கப்போகும் ஒருவரைச் சுட்டிக்காட்டி, வேலை எப்போது முடியும் என்பதையும் சொல்லிவிட்டால், தொடக்கத்துக்கு அது போதும். பெயர் கேட்குமுன்பே வேலையைத் திணித்தால் கூலிக்கு ஆள் பிடித்தது போலாகிவிடும்.

கேட்க வேண்டாத கேள்விகளும் உண்டு. எந்த ஊர், யார் மகன், எந்த மத்ஹப், எந்த இயக்கம் என்று அடுக்கடுக்காக விசாரித்தால் வந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் உணர்வார். ஊரும் உறவும் ஒன்றாக வேலை செய்கையில் தாமாகவே தெரியவரும். ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிப் பாராட்டுவதும் கூச்சமுள்ளவருக்குத் தண்டனையாகும்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். "அல்லாஹ்வுக்காக வந்தவருக்கு வரவேற்பு எதற்கு? இக்லாஸ் உள்ளவர் யார் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் வருவாரன்றோ?" என்று கேட்கலாம். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் நற்செயலுக்கு நம் மார்க்கத்தில் மதிப்பில்லை. ஆனால் அவருடைய உளத்தூய்மை அவருடைய கணக்கு. அவரைச் சேர்த்துக்கொள்வது நம்முடைய கடன். அவர் கணக்கைக் காட்டி நம் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது. பசியைப் பொறுத்துக்கொள்பவனுக்கு நற்கூலி உண்டு என்பதற்காக அண்டை வீட்டானைப் பட்டினி போட நமக்கு உரிமை உண்டா?

பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணியைப் பற்றிய செய்தி நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. அவர் ஆண் என்றும் ஓர் ஐயம் அறிவிப்பில் உண்டு. சில நாட்கள் அவரைக் காணாத பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் கூறினர். சிறிய காரியமென்று எண்ணி அவர்கள் தெரிவிக்காதிருந்தனர். தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட பெருமானார், அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழுதார்கள். அவர் புகழுக்காகக் கூட்டவில்லை. எனினும் அவர் இல்லாமை கவனிக்கப்பட்டது. ஒரு கூட்டத்தில் ஒருவர் சேர்ந்திருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எது? அவர் வராத நாளில் அவருடைய இடம் வெறுமையாகத் தெரிய வேண்டும்.

நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர் மறுநாள் வராவிட்டால் நாற்காலி ஒன்று மிஞ்சும், வேறெதுவும் குறையாது. மூடி திறந்து கொடுத்தவர் வராவிட்டால் வரிசை தேங்கும். அகப்பைக்காரர் பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பார். ஆகவே முதல் நாள் மாலையில், மக்ரிப் பாங்குக்குச் சற்று முன்பு, வேலை முடிந்து கை கழுவும் வேளையில் ஒரு சொல் இன்றியமையாதது. "ரொம்ப நன்றி தம்பி" என்பது விருந்தாளியை வழியனுப்பும் சொல். "நாளைக்கு அஸர் முடிஞ்சதும் இதே இடத்துக்கு வந்துடுங்க; நீங்க இல்லேன்னா எனக்குக் கை ஓடாது" என்பது பங்காளியிடம் சொல்லும் சொல். அதைச் சொன்னவரே அவரைத் தம் அருகில் அமர்த்தி, ஒரே வரிசையில் நோன்பு திறக்கட்டும். மறுநாள் அவர் வரவில்லையானால், மாதம் முடியும்வரை காத்திராமல் அன்று இரவே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, உடம்புக்கு என்னவென்று கேட்கட்டும்.